பென்சிலில் கேட்ட விடுப்பு

பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நானூறு பேருக்கும் அவள் "லீவு அக்கா". அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட வெட்கமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது; அதை எடுத்துப் புழங்க யாருக்கும் அவசியம் வரவில்லை. கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸ்தான் அவளுடைய ராஜ்யம். ஒரு சின்ன ஜன்னல், விரல் வைக்கிற வருகை மெஷின், இழுத்தால் கத்துகிற இரும்பு பீரோ, அதற்குள் பதினாறு வருஷத்து விடுப்புப் பதிவேடுகள். யார் வீட்டில் காய்ச்சல், யார் மாமியாரோடு சண்டை, யார் பொய்க் காரணம் எழுதுகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஆபீசுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்காவது உண்டா, தெரியாது. லீவு விண்ணப்பத்தைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். அச்சடித்த படிவங்கள் ஹெட் ஆபீசிலிருந்து எண்ணித்தான் வரும், வீணாக்கினால் கேள்வி வரும் என்று, அவள் சேர்வதற்கு முன்பே இருந்த ஒரு புண்ணியவான் மேனேஜர் கண்டுபிடித்த சிக்கனம். பென்சிலில் எழுதிக் கொடுக்க வேண்டியது. மேனேஜர் சரி என்றால், அதே எழுத்தின்மேல் லீவு அக்கா பேனாவை ஓட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுவாள். முடியாது என்றால் ரப்பரை எடுத்து அழித்து, தூளை ஊதிவிட்டு, படிவத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பாள். "அக்கா மூச்சு விட்டா நம்ம லீவு பறந்துடும்டா" என்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. அந்தப் பெண்ணின் எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊற வைப்பதையே நிறுத்திவிட்டது. போன வருஷம் முழுக்க மாதத்துக்கொரு தரம் ரத்தம் ஏற்றி ஓட்டினார்கள். இனி மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஜ்ஜை கொடுக்கப்போவது அப்பா. அவரையும் அதே நாட்களில் படுக்க வைப்பார்கள் என்பதால், குழந்தையோடு தனி அறைக்குள் போக வேண்டியது அம்மா. ஏழு வாரம். உள்ளே போன துணையாள் வெளியே வரக் கூடாது, ஆள் மாறவும் கூடாது. கிருமி உள்ளே போய்விடும். வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்று, ஏழு வாரத்துக்கு நாற்பத்திரண்டு நாள் லீவு வேண்டும்.

செலவு முழுவதும் கம்பெனி இன்ஷூரன்ஸ். அவள் பெயர் கம்பெனியில் இருக்கிற வரைக்கும்தான் அது செல்லும். லீவு இல்லாமல் எட்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் தானாக வேலையை விட்டதாகக் கணக்கு. பெயர் போனால் இன்ஷூரன்ஸ் போகும், இன்ஷூரன்ஸ் போனால் சிகிச்சை போகும், சிகிச்சை போனால்... அதற்குமேல் அவள் யோசிப்பதில்லை.

முதலில் ஆஸ்பத்திரி கொடுத்த தேதி டிசம்பர். நவம்பரிலேயே அவள் ஒரு படிவத்தை எடுத்து, எல்லோரையும் போலப் பென்சிலால், நாற்பத்திரண்டு நாள் ஈட்டிய விடுப்பு என்று எழுதி மேனேஜர் முன்னால் வைத்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை சப்பிக்கொண்டே இருக்கும் பயந்த மனிதர், அவ்வளவுதான். "டிசம்பர்ல ஸ்டாக் எடுக்கணும்மா. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்? ஜனவரியில போ, நான் தடுக்கவே மாட்டேன்" என்றார். டாக்டரைக் கேட்டாள். ஒரு மாதம் தாங்கும், அதற்குமேல் தள்ளாதீர்கள் என்றார். ஜனவரி இருபது என்று தேதியை மாற்றிக்கொண்டு, தன் விண்ணப்பத்தைத் தானே அழித்து, தானே ஊதிவிட்டாள்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை கம்ப்யூட்டரைத் திறந்தால், டிசம்பர் கடைசியில் நாற்பத்து மூன்றாக இருந்த அவளுடைய ஈட்டிய விடுப்பு முப்பது என்று நின்றது.

முப்பதுக்குமேல் அடுத்த வருஷத்துக்குப் போகாது என்பது அவளுக்குத் தெரியாதா? பதினாறு வருஷமாக ஊரார் லீவையெல்லாம் வெட்டிக் கடாசியவளே அவள்தானே! ஆனால் மேனேஜர் வாயால் சொன்னாரே, ஜனவரியில் போ என்று. அந்த ஒரு வார்த்தையை நம்பி மனுஷி நிம்மதியாக இருந்துவிட்டாள். ஓடிப் போய்க் கேட்டால், அவர் மாத்திரையைக் கடித்துக்கொண்டு, "நான் சொன்னது நிஜம்தான்மா, ஆனா ஹெட் ஆபீஸ் சிஸ்டம் முப்பதுக்கு மேல எடுக்க மாட்டேங்குதே" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மதியம் சாப்பாட்டு நேரத்தில், டைம் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு, பணியாளர் கையேட்டை எடுத்தாள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்து, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற இடத்தில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. அவளும் ஒரு காலத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான். படித்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானூறு பேர் லீவைக் கையில் வைத்திருந்தவள் அந்தப் பக்கங்களை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள், அதுவே சட்டம் என்று இருந்தாள்.

விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். தற்செயல் விடுப்பு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். ஜனவரி முதல் தேதியே கணக்கில் வந்துவிடும். மிச்சமானால் டிசம்பரோடு சரி, அடுத்த வருஷத்துக்குப் போகாது. போன வருஷத்தது ரத்தம் ஏற்றப் போன நாட்களிலேயே தீர்ந்தது. இந்த வருஷத்தது பன்னிரண்டும் அப்படியே இருக்கிறது. முப்பதும் பன்னிரண்டும் நாற்பத்திரண்டு! ஒரு நிமிஷம் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த வரியிலேயே போனது. தற்செயல் விடுப்பை ஒரே மூச்சில் மூன்று நாளுக்குமேல் எடுக்கக் கூடாது. ஈட்டிய விடுப்போடு சேர்த்தும் எடுக்கக் கூடாது. நடுவில் ஒருநாள் வேலைக்கு வந்து, பிறகு மூன்று, மறுபடி ஒருநாள், மறுபடி மூன்று என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அறைக்குள் போன அம்மா நடுவில் எப்படி வேலைக்கு வருவாள்? காகிதத்தைக் கசக்கினாள்.

நோய் விடுப்பு பணியாளரின் சொந்த நோய்க்கு மட்டும். சம்பளமில்லா விடுப்பு வருஷத்துக்கு ஐந்து நாள். அதைச் சேர்த்தாலும் முப்பத்தைந்துதான், ஏழு நாள் இடிக்கும். ஈட்டிய விடுப்பு: வேலை செய்த இருபது நாளுக்கு ஒருநாள். இடையில் வரும் வார விடுமுறை கணக்கில் சேராது. பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படியானால் ஐந்தாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ஆண்டு முடிவில் முப்பதுக்கு மேற்பட்டது காலாவதியாகும். இதெல்லாம் தெரிந்ததுதானே என்று பக்கத்தைப் புரட்டப் போனவள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

எழுத்து மூலம் விண்ணப்பித்து, நிர்வாகத்தால் மறுக்கப்பட்ட ஈட்டிய விடுப்புக்கு இந்த முப்பது நாள் வரம்பு கிடையாது. அது முழுவதுமாக அடுத்த ஆண்டுக்குப் போகும்.

மூன்று தரம் படித்தாள். நவம்பரில் அவள் கேட்டாள். நிர்வாகம் மறுத்தது. அப்படியென்றால் அந்தப் பதின்மூன்று நாள் அவளுடையது, ஒருத்தனும் தொட முடியாது! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். எழுத்து எங்கே? அவள்தானே அழித்தாள்.

அதோடு விட்டதா? மெதுவாக இன்னொன்றும் உறைத்தது. பதினாறு வருஷம், நானூறு பேர், எத்தனை படிவம்! மறுக்கப்பட்ட ஒவ்வொரு லீவும் வரம்பில்லாமல் அவரவர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியது. அத்தனையையும் ஒரு ரப்பரை வைத்து அவளே ஒழித்திருக்கிறாள். "பாவி, பாவி" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் ஊரார் லீவை நினைத்து அவளுக்கு அழுகை வரவில்லை. மகளை நினைத்துத்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் பஸ் ரிப்பேர் ஷெட்டில் மெக்கானிக்; எதையும் ஸ்பேனரால் திருகிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறவர். "சனியன், அந்த வேலையே வேணாம், விட்டுத் தொலை" என்றார்.

"விட்டா இன்ஷூரன்ஸ்? உங்க ஷெட்டுல குடுப்பாங்களா?"

உள்ளறையிலிருந்து மகள், "அம்மா, அந்த ரூம்ல ஜன்னல் இருக்குமா?" என்று கேட்டாள். "பெரிய ஜன்னலா இருக்கும் கண்ணு" என்றாள் இவள். இருக்குமா என்பது அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் தேதி கையேட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் விரித்தாள். அவர் படித்தார். திரும்பப் படித்தார். அவருக்கும் புதுசு போலிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீ கேட்டதுக்கு அத்தாட்சி என்னம்மா இருக்கு?"

"நீங்கதான் சார் அத்தாட்சி. உங்ககிட்டதானே கேட்டேன்."

"நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு நானூறு பேரும் வந்து நிப்பாங்களே. ஹெட் ஆபீஸ் என்னைக் கேக்காதா, இத்தனை வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தேன்னு? என்னை மாட்டி விடாதம்மா."

"என் பொண்ணு செத்துடுவா சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கெஞ்சினாள். காலில் விழக்கூட யோசித்தாள். மேஜை குறுக்கே இருந்தது. கடைசியில் "நான் பாக்கிறேன்மா" என்றார். பாக்கிறேன் என்றால் பார்க்க மாட்டார் என்று அந்தத் தொழிற்சாலையில் பூனைக்கும் தெரியும்.

டைம் ஆபீசுக்கு வந்து பீரோவைத் திறந்து, நவம்பர், டிசம்பர் கட்டுகளைத் தரையில் கொட்டினாள். அவள் அழித்த படிவம் வேறு யாருக்கோ போயிருக்கும் அல்லவா? ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரம். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவன் எடுத்த இரண்டு நாள் லீவு படிவத்தில், அவன் எழுத்துக்கு அடியில், பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. அவளுடைய கையெழுத்து. நாற்பத்திரண்டு நாள். காரணம் என்ற இடத்தில் மகளின் சிகிச்சை.

ஃபிட்டரை வரச் சொன்னாள். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாத ஆள். கையைத் துணியில் துடைத்தபடியே வந்தான்.

"அன்னிக்கு நான் உங்க பின்னாடியேதான் நின்னேன் அக்கா. ஜனவரியில போன்னு சார் சொன்னது காதுல விழுந்துச்சு. அழிச்சுட்டு இந்தப் பேப்பரைத்தான் எனக்குக் குடுத்தீங்க. உங்க எழுத்து தெரிஞ்சுது. பாவமா இருந்துச்சு."

"அதை எழுதிக் குடுப்பியா தம்பி? சார் மறுத்தது உன் காதுல விழுந்துச்சுன்னு?"

அவன் துணியை மடித்தான், பிரித்தான். "குடுக்கறேன். ஆனா என்னோடதையும் எழுதுங்க."

"உன்னோடது எது?"

"மறந்துட்டீங்களா? ரெண்டு வருஷம் முன்னாடி, எங்கப்பா இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப எட்டு நாள் கேட்டேன். மெஷின் ஓவர்ஹால்னு சார் முடியாதுன்னுட்டார். நீங்க அழிச்சீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." குரல் ஏறவே இல்லை. "லீவு எனக்கு வேணாம் அக்கா. என் தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்லை. நான் லீவே கேக்கலைன்னு சொல்றா. கேட்டிருந்தா குடுக்காம இருப்பாங்களான்னு கேக்கறா. நான் கேட்டேன்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு அந்த எட்டு நாள் நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தேடிப் பார்க்க அந்த வருஷத்துப் படிவக் கட்டுகளும் இல்லை, எப்போதோ ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டன. ஆனால் அவன் சொல்வது பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. நாலாம் தேதி காலை, நல்ல நீல மையில், வெள்ளைத் தாளில் எழுதினாள். நவம்பரில் நான் கேட்டதும் மறுக்கப்பட்டதும் உண்மை, அதை நானே அழித்தேன். இன்ன வருஷம் இன்ன மாதம் இந்த ஃபிட்டர், தந்தையின் கடைசி நேரத்துக்காக எட்டு நாள் கேட்டதும் மறுக்கப்பட்டதும் உண்மை, அதையும் நானே அழித்தேன். இங்கே மறுக்கப்படும் விண்ணப்பங்கள் எல்லாமே அழிக்கப்படுகின்றன. அவள் கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. "ஒரு காப்பி எனக்குக் குடுங்கக்கா" என்றான். "சார்கிட்ட சீல் வாங்கிட்டுத் தர்றேன்" என்றாள். அந்த நேரத்தில் அவள் நினைத்ததும் அதுதான்.

மேனேஜர் அந்தத் தாளைப் படித்தபோது வாயில் இருந்த மாத்திரை அப்படியே நின்றது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"இதுக்கு வேற நகல் இருக்கா?"

"இல்ல சார்."

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, புதிய படிவம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "பேனாவால எழுதும்மா. நாப்பத்திரண்டு நாள். நவம்பர்ல நீ கேட்டதை நான் மறுத்தேன்னு நான் கையெழுத்துப் போட்டு ஹெட் ஆபீசுக்கு இன்னிக்கே அனுப்பறேன். நடந்த உண்மைதானே. ஒரு ஆளுக்குன்னா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன் பதிமூணு நாள் உனக்கு வந்துடும்."

அவள் கை கூப்பினாள். "சார்..."

"ஆனா இந்த லெட்டரை நீ திருப்பி வாங்கிக்கணும். ஒரு ஆளோட நிக்கணும் இது. என்னால அவ்வளவுதான் முடியும்."

"அந்த ஃபிட்டர் பாவம் சார். லீவு கேக்கலை. ஒரு வரி, எழுத்துல..."

"ஒரு வரி போனா எல்லா வரியும் போகும். நீயே சொல்லு, எது வேணும்?"

இதில் சொல்ல என்ன இருக்கிறது? தனி அறையும், ஜன்னல் இருக்குமா என்று கேட்ட குரலும் அவள் முன்னால் நின்றன. ஃபிட்டரும் நின்றான், துணியை மடித்துப் பிரித்துக்கொண்டு. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மேனேஜர் அந்த வெள்ளைத் தாளை நாலாகக் கிழித்தார். கிழிக்கிற சத்தம் கேட்டும் அவள் தலை நிமிரவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் ஹெட் ஆபீசிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. ஃபிட்டரைப் பார்க்காமல் பதினைந்து நாள் ஒளிந்து திரிந்தாள். அவன் ஜன்னல் பக்கம் வந்தால் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கடைசி நாள் அவன் கேட்டருகே வழி மறித்தான்.

"லீவு கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுது தம்பி."

"நாப்பத்திரண்டும்?"

"நாப்பத்திரண்டும்."

"நல்லதாப் போச்சு." அவன் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "அந்த லெட்டர் காப்பி?"

அவள் சொல்லிவிட்டாள். கிழித்துவிட்டார் என்று சொன்னாள். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் "புள்ளையை நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். "உன் தங்கச்சி நம்பர் குடு தம்பி, நான் பேசறேன்." அவன் வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. கடைசியில் அவன் சொல்ல, அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

தனி அறையில் முதல் நாள் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மகள் தூங்கிவிட்டாள். அறையில் ஜன்னல் இருந்தது, கையகலத்தில், எதிர்ச் சுவரைப் பார்த்து. முகமூடியைக் கழற்றாமலே அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் எடுத்தது. இவள் தான் யார் என்று சொன்னாள். அவள் அண்ணன் எட்டு நாள் கேட்டதை, மறுத்ததை, தன் கையாலேயே அழித்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "அவர் கேட்டாரும்மா. சத்தியமா கேட்டார்" என்றாள்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்படிப் பேசச் சொல்லி அவன்தான் உங்களை ஏற்பாடு பண்ணானா?"

"ஐயோ இல்லம்மா, வேணாம்னுதான் சொன்னார்."

"சரி, எழுத்துல ஏதாவது இருக்கா? இருந்தா அனுப்புங்க. பாத்துட்டு நம்பறேன்."

அவள் தூங்கும் மகளைப் பார்த்தாள். இப்போது எழுதிக் கொடுத்தால் இந்த லீவு மிஞ்சுமா? "இல்லம்மா" என்றாள்.

போன் வைக்கப்பட்டது.